திரையில் தெரியும் ஏழு பார், எந்த நேரத்து ஏழு பார்?

கோவையில் பம்ப் உறுப்புகளைக் கடைந்து பொருத்தும் நடுத்தரமான ஒரு தொழிற்கூடத்தை எடுத்துக்கொள்வோம். பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு ஸ்க்ரூ கம்ப்ரசர் ஓடுகிறது. லேத் மெஷினின் சக், பெயின்ட் அடிக்கும் கன், பிசிறு ஊதும் குழாய் எல்லாவற்றுக்கும் காற்று அங்கிருந்துதான் வருகிறது. கம்ப்ரசரின் முகப்பில் சின்னத் திரையோடு ஒரு கண்ட்ரோலர் இருக்கிறது. காற்றழுத்தம் 6.5 பாருக்கு இறங்கினால் அது கம்ப்ரசரைச் சுமையேற்றும், 7.5 பாரைத் தொட்டால் சுமையிறக்கும். எண்ணெயின் வெப்பநிலை எவ்வளவு, எத்தனை மணி நேரம் ஓடியது, இப்போது சுமையில் ஓடுகிறதா வெறுமனே சுழல்கிறதா என்பதெல்லாம் அதற்குத் தெரியும். தெரிந்து என்ன, கொட்டகைக்குள் போய் அதன் முன்னால் நிற்பவருக்கு மட்டும்தான் அது சொல்லும். அந்த எண்கள் முதலாளியின் செல்போனுக்கும், ஊருக்கு வெளியே இருக்கும் சர்வீஸ் இன்ஜினியரின் கணினிக்கும் போய்ச்சேர வேண்டும் என்பதுதான் இங்கே வேலை.

இந்த வேலையை இன்று ஒரு வாரத்தில் முடித்துத் தரப் பலர் இருக்கிறார்கள். திரையில் ஒரு எண்ணைக் கொண்டுவருவது கடினமே இல்லை. அந்த எண் இப்போதையதா, அரை மணிக்கு முந்தையதா, போன வாரத்தில் செத்துப்போன எண்ணா என்பதைப் பார்ப்பவர் கண்டுகொள்ளும்படி கொண்டுவருவதுதான் கடினம். இந்தக் கட்டுரை முழுக்க அந்த ஒரு கேள்வியின் பின்னால்தான் போகிறது.

முதலில் கண்ட்ரோலரிடமிருந்து எண்ணை வாங்க வேண்டும். பெரும்பாலான கம்ப்ரசர் கண்ட்ரோலர்களின் பின்புறம் ஆர்எஸ்-485 என்ற இரண்டு ஒயர் இணைப்பு இருக்கும். அதில் மாட்பஸ் என்ற பழைய மொழியில் கேட்டால் பதில் கிடைக்கும். கேட்பதற்குப் பக்கத்திலேயே கேட்வே என்ற சிறு பெட்டியை வைக்கிறார்கள். ஒருபுறம் மாட்பஸ், மறுபுறம் இணையம். கண்ட்ரோலருக்குள் எண்கள் ரிஜிஸ்டர் எனப்படும் அறைகளில் கிடக்கின்றன. ஒரு அறையில் 0 முதல் 65,535 வரைதான் கொள்ளும், புள்ளிக்கும் இடமில்லை. எனவே 7.1 பார் என்பது உள்ளே 71 என்று இருக்கும். கேட்வேதான் அதைப் பத்தால் வகுக்க வேண்டும். பெரிய எண்கள் இரண்டு அறைகளில் பிரிந்து கிடக்கும், அங்கேதான் முதல் வம்பு. மின் மீட்டரில் 70,000 யூனிட் ஓடியிருக்கிறது என்றால் ஒரு அறையில் 1, அடுத்ததில் 4,464 இருக்கும். ஒன்றை 65,536 ஆல் பெருக்கி 4,464 கூட்டினால் சரியான விடை. எந்த அறை முன்னே, எது பின்னே என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். மாற்றிப் படித்தால் திரையில் 29,25,52,705 யூனிட் என்று வரும். இவ்வளவு அபத்தமான எண் வருவது ஒரு வகையில் நல்லது, உடனே பிடித்துவிடலாம். கண்ட்ரோலரின் திரையையும் கேட்வே தரும் எண்ணையும் ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுவிட்டுத்தான் அடுத்த வேலைக்குப் போக வேண்டும்.

இனி, எண்ணை வெளியே அனுப்புவது. இதற்குத்தான் எம்க்யூடிடி என்ற நெறிமுறை. 1999-ல் ஐபிஎம்மைச் சேர்ந்த ஆண்டி ஸ்டான்ஃபோர்ட்-கிளார்க்கும் ஆர்லன் நிப்பரும் அமெரிக்காவின் எண்ணெய்க் குழாய்ப் பாதைகளைக் கண்காணிக்க இதை உருவாக்கினார்கள். ஆளில்லாத இடங்களில் இருந்த கருவிகள் செயற்கைக்கோள் வழியாகப் பேச வேண்டியிருந்தது. அந்த இணைப்பு விலை கூடியது, வேகம் குறைந்தது. ஆகவே செய்தி சிறிதாக இருக்க வேண்டும், இணைப்பு அறுந்தால் அறுந்தது என்று மறுமுனைக்குத் தெரிய வேண்டும் என்ற இரண்டு தேவைகளும் பிறப்பிலேயே சேர்ந்துகொண்டன. 2014-ல் அதன் 3.1.1 பதிப்பு ஓயாசிஸ் அமைப்பின் தரநிலையானது. 2019-ல் 5.0 வந்தது. தொழிற்கூடங்களில் இரண்டுமே இன்றும் புழங்குகின்றன.

இதில் அனுப்புபவரும் பெறுபவரும் நேருக்கு நேர் பேசுவதில்லை. நடுவில் புரோக்கர் என்ற மென்பொருள் ஒன்று உட்கார்ந்திருக்கும். அது மேகக்கணினியில் இருக்கலாம், சொந்த சர்வரிலும் இருக்கலாம். கேட்வே ஒரு தலைப்பின் கீழ் செய்தியை அதனிடம் கொடுக்கும். அந்தத் தலைப்பு வேண்டும் என்று முன்பே சொல்லிவைத்தவர்கள் எல்லோருக்கும் புரோக்கர் அதை அனுப்பும். முதலாளியின் திரை ஒருவர், தரவுகளைச் சேமிக்கும் கிடங்கு இன்னொருவர், அலாரம் அடிக்கும் நிரல் மூன்றாமவர். இவர்களில் யார் புதிதாக வந்தாலும் போனாலும் கேட்வேயில் ஒரு வரியும் மாற்ற வேண்டியதில்லை. நம் கம்ப்ரசருக்குத் தலைப்பை `kovai/plant1/comp2/data` என்று வைத்துக்கொள்வோம். ஊர், ஆலை, இயந்திரம் என்று படிப்படியாக இறங்குகிறது. அதன் கீழ் போகும் செய்தி இப்படி இருக்கும்:

```json
{"ts":1718000000,"pressure":7.1,"temp":84,"load":1,"ok":1}
```

`ts` என்பது எண் எடுக்கப்பட்ட நேரம். 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய நொடிகள், சர்வதேசப் பொது நேரத்தில். இங்கே இருப்பது 2024 ஜூன் 10, நம் நேரப்படி காலை 11 மணி 43 நிமிடம் 20 நொடி. `load` ஒன்று என்றால் சுமையில் ஓடுகிறது. `ok` எதற்கு என்று பிறகு வருகிறேன், அது இல்லாமல் நடக்கும் கூத்து தனிக் கதை.

தலைப்பும் சேர்த்து இந்தச் செய்தி 87 பைட்தான். நொடிக்கு ஒன்றாக அனுப்பினால் ஒரு நாளைக்கு 7.5 மெகாபைட். குறியாக்கமும் இணையத்தின் மேலுறைகளும் ஒப்புகைகளும் சேர்ந்தால் அதைப்போல் மூன்று மடங்கு. ஒரு சிம் கார்டு தாங்கும் அளவுதான். இருந்தாலும் மாறாத எண்ணை நொடிக்கு நொடி அனுப்புவதில் பயனில்லை என்று, மாறும்போது மட்டும் அனுப்பும்படி அமைப்பார்கள். அழுத்தம் 0.1 பார் நகர்ந்தால் அனுப்பு, சுமை ஏறினாலும் இறங்கினாலும் உடனே அனுப்பு. இது செலவுக்காக மட்டும் அல்ல. சுமை ஏறி இறங்கும் நேரம் கம்ப்ரசரின் நாடித்துடிப்பு. ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷினும் நின்றிருக்கும்போது கம்ப்ரசரை மட்டும் ஓடவிட்டால், அது சுமையேறுவது கசிவை ஈடுகட்ட மட்டுமே. ஒன்றரை நிமிடம் சுமையில், எட்டரை நிமிடம் சும்மா என்று திரும்பத் திரும்ப நடந்தால், பத்து நிமிடத்தில் ஒன்றரை நிமிடம், அதாவது கம்ப்ரசரின் திறனில் 15 சதவீதம் குழாய் இணைப்புகளில் கசிந்து போகிறது. நிமிடத்துக்கு ஒரு முறை மட்டும் எண்ணை அனுப்பியிருந்தால் அந்த ஒன்றரை நிமிடம் ஒரு தடவை ஒரு நிமிடமாகவும் இன்னொரு தடவை இரண்டு நிமிடமாகவும் தெரிந்து கணக்கே குழம்பிவிடும்.

ஆனால் மாறும்போது மட்டும் அனுப்புவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. செய்தி வரவில்லை என்றால் எண் மாறவில்லை என்று பொருளா, அனுப்புபவரே இல்லை என்று பொருளா? மௌனத்துக்கு இரண்டு அர்த்தம் வந்துவிடுகிறது. அதற்காக, மாறினாலும் மாறாவிட்டாலும் 60 நொடிக்கு ஒரு செய்தி கட்டாயம் போக வேண்டும் என்று சேர்த்துவைக்க வேண்டும். பெறுபவர் இரண்டு நிமிடத்துக்கு மேல் எதுவும் காணோம் என்றால் சந்தேகப்படலாம்.

செய்தி வழியில் தொலைந்துபோகாதா என்று கேட்பார்கள். எம்க்யூடிடி அதற்கு மூன்று தரம் வைத்திருக்கிறது. தரம் 0-ல் அனுப்பியதோடு சரி. தரம் 1-ல் புரோக்கரின் ஒப்புகை வராமல் இணைப்பு அறுந்தால் மீண்டும் அனுப்பப்படும், எனவே ஒரே செய்தி இரண்டு முறை போகலாம். தரம் 2-ல் சரியாக ஒரே முறை, ஆனால் ஒவ்வொரு செய்திக்கும் நான்கு பரிமாற்றம். எல்லா மேகச் சேவைகளும் அதை ஏற்பதுமில்லை. பெரும்பாலும் தரம் 1 போதும், ஒரு நிபந்தனையோடு. “ஒரு முறை சுமையேறியது” என்று செய்தி அனுப்பி, பெறும் இடத்தில் ஒவ்வொன்றாகக் கூட்டினால், இரட்டித்து வந்தது இரண்டாக எண்ணப்படும். அதற்குப் பதில் “இதுவரை மொத்தம் 48,213 முறை” என்று திரண்ட எண்ணையே அனுப்புங்கள். இருமுறை வந்தாலும் கெடுதல் இல்லை, நடுவில் நான்கு தொலைந்தாலும் மொத்தம் தவறாது. இன்னொன்றும் மனதில் இருக்க வேண்டும். அந்த ஒப்புகை புரோக்கர் பெற்றுக்கொண்டார் என்பதற்கு மட்டுமே. திரை வரை போனதற்கு அது சாட்சி அல்ல.

இப்போது ஞாயிறு இரவை நினைத்துப்பாருங்கள். எண்ணெய் சூடேறி கம்ப்ரசர் டிரிப் ஆகிறது. அதே நேரத்தில் கேட்வேக்குப் போகும் மின்சாரமும் போய்விட்டது. திங்கள் காலை ஃபிட்டர் முதலாளிக்குப் போன் செய்கிறார்.

“கம்ப்ரசர் நின்னு கெடக்குதுங்க. ஏர் சுத்தமா இல்லீங்க.”

“போன்ல ஏழு புள்ளி ஒண்ணுன்னு பச்சையா காட்டுதேப்பா?”

“இங்க கேஜ்ல சைபருங்க.”

இரண்டு பேர் சொல்வதும் உண்மை. புரோக்கரிடம் ரீடெயின் என்ற வசதி உண்டு. அனுப்பும்போது அந்தக் கொடியை ஏற்றினால், அந்தத் தலைப்பின் கடைசிச் செய்தியைப் புரோக்கர் வைத்துக்கொண்டு, புதிதாக வருபவருக்கு உடனே கொடுக்கும். முதலாளி செயலியைத் திறந்ததும் காலித் திரை தெரியக் கூடாது என்றுதான் அதைப் போடுகிறார்கள். ஆனால் அது காய்கறிக் கடை வாசலில் சாக்பீஸால் எழுதிய விலைப் பலகை மாதிரி. கடைசியாக எழுதியது நிற்கும், எப்போது எழுதியது என்று பலகை சொல்லாது. வந்து சேர்ந்த நேரத்தையே எண்ணின் நேரமாகக் குறித்துக்கொள்ளும் திரையில் ஞாயிறு இரவின் 7.1, திங்கள் காலையின் 7.1 ஆகிவிடும். செய்திக்குள்ளேயே `ts` இருக்க வேண்டும் என்பதும், திரை அதைத்தான் பார்க்க வேண்டும் என்பதும் இதனால்தான்.

மின்சாரம் போனதைப் புரோக்கர் எப்படி அறிவிக்கும் என்பதற்கு எம்க்யூடிடியின் அழகான ஏற்பாடு ஒன்று இருக்கிறது. கேட்வே இணையும்போதே ஓர் உயில் செய்தியைக் கொடுத்துவைக்கிறது. “நான் சொல்லிக்கொள்ளாமல் காணாமல் போனால் `kovai/plant1/comp2/status` என்ற தலைப்பில் `offline` என்று நீங்களே வெளியிடுங்கள்.” கூடவே, எத்தனை நொடிக்குள் தன்னிடமிருந்து ஏதாவது வரும் என்றும் சொல்லிவைக்கிறது. 60 நொடி என்றால் புரோக்கர் அதைப்போல் ஒன்றரை மடங்கு, 90 நொடி பார்க்கும். பிறகு இணைப்பை மூடிவிட்டு உயிலை வெளியிடும். கேட்வே திரும்பி வந்ததும் அதே தலைப்பில் `online` என்று அனுப்ப வேண்டும். இந்த நிலைச் செய்திக்கு ரீடெயின் கொடி கட்டாயம், இல்லாவிட்டால் இரவு ஒலித்த `offline` காலையில் செயலியைத் திறப்பவருக்குக் கிடைக்காது. ஒரு நுணுக்கம்: முறையாக விடைபெற்றுப் போனால் உயில் வெளிவராது. மென்பொருளைப் புதுப்பிக்க டெக்னீஷியன் நிரலை ஒழுங்காக நிறுத்திவிட்டு, மறுபடி ஓட்ட மறந்தால், நிலை `online` என்றே நிற்கும். ஆகவே விடைபெறும் முன் கேட்வே தானே `offline` எழுதிவிட்டுப் போக வேண்டும்.

இவ்வளவும் செய்தாலும் உயில் கேட்வேக்கு மட்டுமே பொறுப்பு. கம்ப்ரசரிலிருந்து வரும் ஆர்எஸ்-485 ஒயரை எலி கடித்துவிட்டது, அல்லது அதிர்வில் முனை தளர்ந்துவிட்டது என்று வையுங்கள். கேட்வே உயிரோடு இருக்கிறது, இணையமும் இருக்கிறது. கேட்வேயில் ஓடும் நிரல், புதிய எண் கிடைக்காதபோது கையிலிருக்கும் பழைய எண்ணையே எடுத்து, இப்போதைய நேரத்தைப் போட்டு, நிமிடத்துக்கு ஒரு முறை கடமை தவறாமல் அனுப்புகிறது. நேரம் புதிது, நிலை `online`, எண் மட்டும் பிணம். இதுவரை சொன்ன எந்தக் காவலிலும் இது சிக்காது, என் பார்வையில் இந்தத் துறையின் மிக மோசமான பிழை இதுதான். `ok` அதற்காகத்தான். கண்ட்ரோலர் பதில் தந்தால் 1, தராவிட்டால் 0, அப்போது அழுத்தம், வெப்பம் என்ற புலங்களையே விட்டுவிட வேண்டும். `ts` கூடச் செய்தி அனுப்பும் நேரமாக இல்லாமல் கண்ட்ரோலர் கடைசியாகப் பதில் சொன்ன நேரமாக இருக்க வேண்டும். பிஎல்சி வைத்த இயந்திரமாக இருந்தால் இன்னொரு படி கீழே இறங்கலாம். பிஎல்சியின் நிரலிலேயே நொடிக்கு ஒன்று கூடும் ஓர் எண்ணியை வைத்து அதையும் அனுப்பினால், தொடர்பு இருந்தும் நிரல் நின்றுபோன நிலையும் வெளிப்பட்டுவிடும். வரைகோட்டில் இதைக் கண்ணாலும் பிடிக்கலாம். ஓடும் கம்ப்ரசரின் அழுத்தம் ஒருபோதும் ஸ்கேல் வைத்து இழுத்த நேர்கோடாக இருக்காது.

நேரத்தை நம்பி இவ்வளவும் கட்டியிருப்பதால் கேட்வேயின் கடிகாரம் சரியாக இருந்தாக வேண்டும். விலை குறைந்த பல கேட்வேகளில் கடிகாரத்துக்குத் தனி பேட்டரி கிடையாது. மின்வெட்டுக்குப் பிறகு எழுந்தால் 1970 என்றோ, கடைசியாகச் சேமித்த நேரம் என்றோ நினைத்துக்கொள்ளும். இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் வரை எண்களை அனுப்பக் கூடாது என்று பூட்டுப் போட வேண்டும். குறியாக்கப்பட்ட இணைப்பான 8883 போர்ட்டைப் பயன்படுத்தும் இடத்தில் இது வேறு வடிவில் வரும். 1970-ல் இருப்பதாக நம்பும் கேட்வேக்குப் புரோக்கரின் சான்றிதழ் “இன்னும் அமலுக்கு வராதது” என்று தோன்றும், இணையவே மறுக்கும். மின்வெட்டுக்குப் பின் மட்டும் இணைப்பு வரவில்லை என்றால் முதலில் பார்க்க வேண்டியது கடிகாரத்தை. இன்னொரு பிழை நம் நாட்டுக்கே உரியது. இந்திய நேரத்தைப் பொது நேரம் என்று தவறாகக் குறித்து அனுப்பினால், எல்லா எண்ணும் ஐந்தரை மணி நேரம் எதிர்காலத்தில் போய் விழும். கடைசி ஒரு மணி நேரம் என்று வரைகோட்டைக் கேட்டால் காலியாக இருக்கும், தரவே வரவில்லை என்று ஒயரைத் தேடிக்கொண்டிருப்பார்கள்.

இணையம் நாற்பது நிமிடம் அறுந்தால் கேட்வே எண்களைத் தன் நினைவகத்தில் சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் வரிசையாக அனுப்ப வேண்டும். `ts` உள்ளே இருப்பதால் ஒவ்வொன்றும் அதனதன் நேரத்தில் போய் உட்கார்ந்து வரைகோட்டின் இடைவெளி நிரம்பிவிடும். அலாரம் நிரலுக்கு மட்டும் தனியாகச் சொல்லிவைக்க வேண்டும். அரை மணிக்கு முந்தைய 109 டிகிரிக்கு இப்போது சைரன் அடித்தால், அடுத்த முறை உண்மையான சைரனை யாரும் நம்ப மாட்டார்கள்.

இரண்டாவது கம்ப்ரசருக்கு இன்னொரு கேட்வே தேவைப்படும்போது முதலாவதின் மெமரி கார்டை அப்படியே பிரதி எடுப்பார்கள். அதில் புரோக்கரிடம் சொல்லும் அடையாளப் பெயரும் பிரதியாகிவிடும். ஒரே பெயரில் இரண்டாமவர் வந்தால் புரோக்கர் முதலாமவரை வெளியேற்றும். அவர் உடனே திரும்பி வந்து இவரை வெளியேற்றுவார். இரண்டு கம்ப்ரசரும் விட்டுவிட்டுத் தெரியும், எல்லோரும் சிக்னல் சரியில்லை என்பார்கள். மாஸ்கிட்டோ புரோக்கரின் பதிவேட்டில் `already connected, closing old connection` என்ற வரி மீண்டும் மீண்டும் இருந்தால் சிக்னலைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

திரையில் சந்தேகம் வந்தால் திரையையே பார்த்துக்கொண்டிருக்காமல் புரோக்கரிடம் நேராகக் கேட்கலாம்:

```
mosquitto_sub -h broker.local -t 'kovai/plant1/#' -F '%I %r %t %p'
```

ஒவ்வொரு வரியிலும் வந்து சேர்ந்த நேரம், ரீடெயின் கொடி, தலைப்பு, செய்தி என்று வரும். கொடி 1 என்றால் அது புரோக்கர் எடுத்துவைத்திருந்த பழைய செய்தி, 0 என்றால் இப்போது வந்தது. வந்த நேரத்துக்கும் `ts`-க்கும் உள்ள இடைவெளிதான் எண்ணின் வயது. இங்கே சரியாக இருந்து திரையில் தவறாக இருந்தால் கோளாறு திரைப்பக்கம்.

திரைப்பக்கமும் கவனிக்க வேண்டியதுதான். கிராஃபானா போன்ற டாஷ்போர்டில் பெரிய எழுத்தில் ஒற்றை எண் காட்டும் கட்டம், தேர்ந்தெடுத்த கால அளவுக்குள் கிடைத்த கடைசி எண்ணைக் காட்டும். கடைசி ஆறு மணி நேரம் என்று வைத்திருந்தால், ஐந்து மணி நேரம் முன்பு நின்றுபோன எண்ணும் பச்சையாகவே ஒளிரும். அதனால் ஒவ்வொரு எண்ணுக்குப் பக்கத்திலும் அதன் வயதைக் காட்டும் சின்னக் கட்டம் வேண்டும். இரண்டு நிமிடம் தாண்டினால் எண் சாம்பல் நிறமாக வேண்டும். சிவப்பு வேண்டாம், சிவப்பு இயந்திரக் கோளாறுக்கு. தெரியவில்லை என்பதற்குத் தனி நிறம்.

வேலையை ஒப்படைக்கும் நாளில் மூன்று காரியம் செய்துபார்க்கச் சொல்லிக் கேளுங்கள். திரையைத் திறந்துவைத்துக்கொண்டு ஆர்எஸ்-485 ஒயரைக் கழற்றுங்கள். இரண்டு நிமிடத்தில் எண் சாம்பலாகி, கேட்வே மட்டும் `online` என்று இருக்க வேண்டும். ஒயரை மாட்டிவிட்டு இணையக் கேபிளை உருவுங்கள். ஒன்றரை நிமிடத்தில் `offline` வர வேண்டும். பத்து நிமிடம் கழித்துத் திரும்பச் செருகினால் அந்தப் பத்து நிமிட வரைகோடு தானாக நிரம்ப வேண்டும். கடைசியாகக் கேட்வேயின் மின்சாரத்தை அணைத்து, அரை மணி கழித்து, யாரும் எதையும் தொடாமல் போடுங்கள். அது தானாக எழுந்து, நேரத்தைத் திருத்திக்கொண்டு, புரோக்கரோடு இணைந்து, கண்ட்ரோலரின் திரையில் இருக்கும் அதே அழுத்தத்தைக் காட்டிய பிறகு பில்லில் கையெழுத்துப் போடலாம்.